வாசல் முதல் பந்தி வரை

ஒரு வீட்டுக்கு விருந்தினரை அழைக்கும்போது “கட்டாயம் வந்துவிடுங்கள்” என்று சொல்கிறோம். அழைக்கப்பட்டவர் தம் விருப்பப்படி வாசலைக் கடந்து உள்ளே வரவும், மற்றவர்களோடு அமர்ந்து உண்ணவும், ஆட்டத்தில் சேர்ந்து ஆடவும், வேண்டும்போது எழுந்து வேறிடம் செல்லவும் முடியும் என்ற நம்பிக்கை அந்தச் சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான விருந்தினர்களைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கையை நாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தேவையும் எழுவதில்லை. விருந்தினர்களுள் ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவராக இருந்தால், அழைப்பின் ஒவ்வொரு சொல்லையும் அளவுநாடா கொண்டு அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

என் இளைய மகளின் பதினாறாம் பிறந்தநாளுக்குப் பதினான்கு பேரை அழைப்பதென்று முடிவாயிற்று. அவர்களுள் ஒருத்தி அவளுடைய வகுப்புத் தோழி. தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோயினால் ஏழாம் வகுப்பிலிருந்து சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவள். கைகளால் சக்கரத்தைத் தானே உருட்டிச் செல்வாள். ஆனால், வலக்கை தோளுக்கு மேல் உயராது. இரண்டு ஆண்டுகளாக எந்தத் தோழியின் பிறந்தநாளுக்கும் அவள் சென்றதில்லை. அழைக்கும்போது மகிழ்ச்சியோடு தலையசைப்பாள். அன்று காலையில் தலைவலி என்று செய்தி வரும். “இந்த முறையும் அவளுக்குத் தலைவலி வந்துவிடக் கூடாது, அம்மா” என்று மகள் சொன்னாள். அந்த ஒரு வரிதான் எங்கள் ஏற்பாடுகளுக்கெல்லாம் தொடக்கம்.

முதலில் கேட்க வேண்டியவர்

தோழியின் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். “அவளிடமே கேளுங்கள், டீச்சர். அவளுக்குத்தான் தெரியும்” என்று அவர் தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டார். உடலியக்கத்தில் தடை உள்ளவரைப் பற்றி அவருடன் இருப்பவரிடம் கேட்பதே நம் வழக்கம். அவ்வாறு கேட்டால் பாதுகாப்புக்கான விடைகள் கிடைக்கும்; விருப்பத்துக்கான விடைகள் கிடைப்பதில்லை.

நான் அவளிடம் கேட்டவை எளிய வினாக்கள். நாற்காலியின் அகலம் எவ்வளவு? அதிலிருந்து வேறு இருக்கைக்கு மாறி அமர இயலுமா, அமர விரும்புகிறாளா? கழிவறைக்குச் செல்ல எவ்வகை ஏற்பாடு வேண்டும்? துணைக்கு யார் வருவார்? எவ்வளவு நேரத்தில் களைப்பு ஏற்படும்? எல்லாவற்றுக்கும் தெளிவாக விடை சொன்னாள். இறுதியில் தயங்கித் தயங்கி இரண்டு செய்திகளைத் தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

“யாரும் என்னை நாற்காலியோடு தூக்க வேண்டாம், அம்மா. ஒரு வீட்டில் நான்கு பேர் தூக்கிப் படியேற்றினார்கள். கைப்பிடி கழன்று ஒருவர் கையோடு போய்விட்டது. நான் விழவில்லை, ஆனால், எல்லாரும் பாடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.”

இரண்டாவது செய்தி விளையாட்டைப் பற்றியது. “என்னை நடுவராக உட்கார வைக்காதீர்கள். ஆறாண்டுகளாக நான் நடுவராகவே இருக்கிறேன்.”

தலைவலியின் காரணம் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு இடத்தையும் ஆட்டங்களையும் இருக்கைகளையும் இவ்விரண்டு வாக்கியங்களை வைத்தே தீர்மானித்தோம்.

இடம்

மகள் முதலில் விரும்பியது ஓர் உணவகத்தின் விருந்துக்கூடத்தை. அது முதல் தளத்தில் இருந்தது. “சக்கர நாற்காலியில் வருபவருக்கு வசதி உண்டா?” என்று தொலைபேசியில் கேட்டபோது, “உண்டு, லிஃப்ட் இருக்கிறது” என்றார்கள். நேரில் சென்று பார்த்தோம். லிஃப்ட் இருந்தது, ஆனால், தெருவிலிருந்து லிஃப்டை அடைவதற்கே நான்கு படிகள் ஏற வேண்டும். கேட்டதற்கு, “பையன்கள் இருக்கிறார்கள், தூக்கிவிடுவார்கள்” என்று அன்போடு சொன்னார்கள். ‘வசதி’ என்ற சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள் வேறு. நாங்கள் தேடிய பொருள் வேறு. ஆகவே, “வசதி உண்டா?” என்று கேட்பதைவிட, “தெருவிலிருந்து மேசை வரை எத்தனை படிகள்? மிகக் குறுகிய கதவின் அகலம் என்ன?” என்று கேட்பதே நல்லது. அவ்வாறு கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லிவிட இயலாது. ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்து ஒரு பூங்காவைப் பார்த்தோம். நிழலும் காற்றும் நிறைந்த இடம். ஆனால், இருசக்கர வாகனங்கள் நுழையாதிருக்க வாயிலில் வளைந்து வளைந்து செல்லும் இரும்புத் தடுப்பு வைத்திருந்தார்கள். அது சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும். உள்ளே நடைபாதை முழுவதும் சரளைக்கல். நாற்காலியின் முன்பக்கத்தில் உள்ள சிறு சக்கரங்கள் சரளையிலும் மணலிலும் புதைந்து பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியில் வருவோர் கடலருகே செல்வதற்கென 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை அமைக்கப்பட்டதன் காரணமும் இதுவே. கடற்கரை எல்லாருக்கும் திறந்துதான் கிடந்தது. கால் பதிகிற மணலில் சக்கரம் உருளாது என்பதுதான் தடை.

இறுதியில் எங்கள் வீட்டின் கார் நிறுத்தும் முகப்பையே தேர்ந்தெடுத்தோம். ஆறு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உடைய சமதளம், மேலே கூரை, பக்கத்தில் வரவேற்பறை, அதை அடுத்துக் குளியலறையுடன் கூடிய படுக்கையறை. தடைகள் மூன்று: தெருவிலிருந்து முகப்புக்கு ஏறும் ஒரு படி, வரவேற்பறையின் நிலைப்படி, குளியலறைக் கதவு.

படியின் உயரம் 14 செ.மீ. சாய்தளம் அமைக்கும்போது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. அதன்படி 168 செ.மீ. நீளம் தேவை. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் ஒரு படிக்கு, ஆள் உயரத்துக்கு நீண்ட பலகை வேண்டியிருக்கிறது. இதை உணராமல் அரை மீட்டர் பலகையை ஒன்றைச் சாய்த்து வைத்தால், நாற்காலி பின்புறமாகக் கவிழக்கூடும். உணவகத்தின் நான்கு படிகளுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஏறத்தாழ ஏழு மீட்டர் சாய்தளம் தேவைப்படும். அங்கே அதற்கு இடமே இல்லை.

தச்சர் ஒருவர் தடித்த பிளைவுட் பலகையை 180 செ.மீ. நீளத்துக்கும் 90 செ.மீ. அகலத்துக்கும் அறுத்துத் தந்தார். நடுவில் வளையாதிருக்க அடியில் மூன்று மரச்சட்டங்கள். சக்கரம் விளிம்பில் இறங்கிவிடாதிருக்க இருபுறமும் சிறு தடுப்புச் சட்டங்கள். வழுக்காதிருக்க மேற்பரப்பில் மணல் தூவிப் பூசிய சாயம். பலகை நழுவாதிருக்க மேல் முனையில் படியோடு பற்றிக்கொள்ளும் கொக்கி. நான்கு செ.மீ. உயரமுள்ள நிலைப்படிக்கு அரை மீட்டர் நீளத்தில் மற்றொரு சிறு சாய்பலகை.

குளியலறைக் கதவுதான் கடினமாக இருந்தது. கதவைத் திறந்தபின் கிடைத்த வழி 68 செ.மீ.; தோழியின் நாற்காலியோ 63 செ.மீ. அகலம். எண்ணளவில் நுழைந்துவிடும். ஆனால், சக்கரத்தை உருட்டும் கைகளுக்கும் முழங்கைகளுக்கும் இடம் வேண்டுமல்லவா? விரல்கள் நிலையில் உராயும். குறைந்தது 80 செ.மீ. இருந்தால் இடரின்றிச் செல்லலாம். நிலையை இடித்து அகலப்படுத்த இயலாது. எனவே, கதவைக் கீலிலிருந்து கழற்றிவிட்டோம். கதவின் தடிமன் அடைத்திருந்த இடமும் கிடைத்ததால் வழி 73 செ.மீ. ஆயிற்று. தானே உருட்டாமல், தாயார் பின்னிருந்து தள்ளினால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நுழைந்துவிடலாம் என்று தோழி சொன்னாள். கதவுக்கு மாற்றாகத் தடித்த திரை தொங்கியது. மறைவுக்குப் படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் இருந்தது.

விழாவுக்கு முந்தைய நாள், தோழியின் தந்தை அவளுடைய பழைய நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். நானே அதில் அமர்ந்து தெருவிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தேன். அளவுநாடா காட்டாத ஒன்றை அந்தப் பயணம் காட்டியது. எங்கள் வாசலுக்கு முன் கழிவுநீர்க் கால்வாயின் மேல் இரும்புக் கம்பிகள் பதித்த மூடி உண்டு. முன்சக்கரம் இரு கம்பிகளுக்கிடையே சிக்கியது. நாற்காலி சட்டென்று நிற்க, நான் முன்னே சாய்ந்துவிட்டேன். தினமும் நான் நடந்து கடக்கும் மூடி அது. மறுநாளே அதன்மேல் மறைக்க ஒரு தகட்டுப் பலகை வந்தது. எந்த ஏற்பாட்டையும் சரிபார்க்கச் சிறந்த வழி, அந்த நாற்காலியிலேயே அமர்ந்து வண்டியிலிருந்து இறங்கும் இடம் முதல் உணவு மேசை வரை ஒருமுறை சென்று வருவதுதான்.

ஆட்டம்

மகள் எழுதி வைத்திருந்த ஆட்டங்களின் பட்டியலில் இசை நாற்காலி முதலில் இருந்தது. இசை நின்றதும் ஓடிச்சென்று அமர்வது அந்த ஆட்டம். எப்போதும் அமர்ந்திருப்பவளுக்கு அதில் இடமே இல்லை. அவளை நடுவராக்குவது தவிர வேறு வழியும் இல்லை. உறியடியும் பலூன் உடைத்தலும் தோளுக்கு மேல் கை உயர வேண்டிய ஆட்டங்கள். “அவளுக்காக ஓர் ஆட்டம், மற்றவர்களுக்காக மூன்று ஆட்டம் என்று வைத்துக்கொள்ளலாமா?” என்று மகள் கேட்டாள். அவளுக்கென்று தனியாக வைக்கும் ஆட்டம் அவளைத் தனியாகவே வைத்துவிடும். எல்லாரும் ஒரே விதியின்கீழ் ஆடக்கூடிய ஆட்டம் வேண்டும் என்று தேடியபோது, போச்சியா நினைவுக்கு வந்தது.

போச்சியா 1984ஆம் ஆண்டு முதல் பாராலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுவரும் பந்தாட்டம். கை கால்களின் இயக்கம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அமர்ந்த நிலையிலேயே ஆடுவது. ஒரு வெள்ளைப் பந்து; ஓர் அணிக்கு ஆறு சிவப்புப் பந்துகள்; மற்ற அணிக்கு ஆறு நீலப் பந்துகள். முதலில் வெள்ளைப் பந்தைக் களத்தில் உருட்டிவிட வேண்டும். பின்னர், தத்தம் பந்துகளை அதற்கு நெருக்கமாகச் சேர்ப்பதே ஆட்டம். எல்லாப் பந்துகளையும் எறிந்து முடித்தபின், எதிரணியின் மிக நெருங்கிய பந்தைவிட வெள்ளைப் பந்துக்கு அருகில் நம் பந்துகள் எத்தனை உள்ளனவோ அத்தனை புள்ளிகள் நமக்கு. எதிரணியின் பந்தை மோதித் தள்ளலாம். வெள்ளைப் பந்தையே இடம் மாற்றலாம். எறியவே இயலாதவர்கள் சரிவான குழாய் போன்ற ஒரு கருவியில் பந்தை உருட்டிவிடவும் விதிகள் இடம் தருகின்றன. வலிமையைவிடக் கணிப்புக்கே அதில் வேலை மிகுதி.

போட்டிப் பந்து ஏறத்தாழ 275 கிராம் எடையுள்ளது, மென்மையானது, அதிகம் துள்ளாது. நாங்கள் பழைய காலுறைகளில் புளியங்கொட்டையும் துணியும் திணித்து அந்த எடைக்குத் தைத்தோம். சிவப்பு, நீலத் துணிகளால் உறை போட்டோம். முகப்பின் ஒரு முனையில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் வரைந்து நாற்காலிகளை வரிசையாக இட்டோம். எல்லாரும் அமர்ந்தே எறிய வேண்டும். இடுப்பு இருக்கையிலிருந்து எழுந்தால் அந்த எறி செல்லாது. விதி இவ்வளவுதான்.

நன்றாக ஓடியாடும் பிள்ளைகள் முதலில் பந்தை வீசிய வேகத்தில் அது சுவரில் போய் மோதியது. அமர்ந்த நிலையில் தோளைச் சுழற்றாமல் எறிவது எப்படி என்று அவர்களுக்குப் பிடிபடச் சிறிது நேரம் ஆயிற்று. தோழி முழங்கைக்குக் கீழே மட்டும் அசைத்துப் பந்தை மெல்ல உருட்டினாள். முதல் ஆட்டத்தில் அவளுடைய அணி தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில், எதிரணிப் பெண் ஒருத்தி வேண்டுமென்றே பந்தை வெளியே உருட்டியதை அவள் கவனித்துவிட்டாள். “இது செல்லாது, மறுபடி ஒழுங்காகப் போடு” என்று கோபமாகச் சொன்னாள். பிடிவாதமாகப் பந்தைத் திருப்பிக் கொடுத்து எறியவும் வைத்தாள். இரக்கத்தால் விட்டுக்கொடுக்கும் வெற்றி நடுவர் இருக்கைக்கு மற்றொரு பெயர் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆட்டத்தை மூன்றுக்கு இரண்டு என்று அவளுடைய அணி வென்றது. அதன்பின் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவது ஆட்டம் புதையல் தேடல். இதற்கு ஒரேயொரு மாற்றம்தான் செய்தோம். குறிப்புச் சீட்டுகளைத் தரைக்குமேல் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் மட்டும், சக்கரம் செல்லக்கூடிய சமதளத்தில் ஒளித்து வைத்தோம். தரையில் குனிந்து எடுக்க வேண்டியதோ, எட்டிப் பறிக்க வேண்டியதோ இல்லை. இந்த மாற்றம் செய்யப்பட்டிருப்பதை மற்றப் பிள்ளைகள் அறியவே இல்லை.

இருக்கை

பந்திக்குத் தரையில் பாய் விரிப்பதே எங்கள் வீட்டு வழக்கம். அன்று எல்லாருக்கும் மேசையிலேயே இலை. நீண்ட மேசையின் இருபுறமும் நாற்காலிகளை இட்டபோது, வாசலுக்கு அருகில் மேசையின் முனையில் தோழிக்கு இடம் ஒதுக்கலாம் என்றார் என் கணவர். வந்துபோக எளிது என்பது உண்மைதான். ஆனால், முனையில் இருப்பவருக்குப் பேச்சுத்துணை ஒரு பக்கத்தில் மட்டுமே கிடைக்கும். பேச்சின் நடுவில் இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் ஒன்றல்ல. எனவே, மேசையின் நடுப்பகுதியில் ஓரிடத்திலும் முனைக்கு அருகில் ஓரிடத்திலுமாக இரண்டு இடங்களில் நாற்காலி இடாமல் 90 செ.மீ. வெளி விட்டோம். ஓரிடம் மட்டும் விட்டிருந்தால் அது ஒதுக்கீடு; இரண்டு இடங்கள் இருந்ததால் அவளுக்கு ஒரு தேர்வு இருந்தது. நாற்காலிகளுக்குப் பின்னால் சுவர் வரை ஒரு மீட்டர் வழி விட்டதால், யாரையும் எழச் சொல்லாமல் அவள் செல்லவும் திரும்பவும் முடிந்தது.

மேசையின் உயரத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. மேசைப்பலகையின் அடிப்புறம் தரையிலிருந்து 72 செ.மீ. முழங்கால்கள் எளிதாக உள்ளே செல்லும். ஆனால், அவளுடைய நாற்காலியின் கைப்பிடிகள் 73 செ.மீ. உயரம். அந்த ஒரு செ.மீ. வேறுபாட்டால் கைப்பிடி மேசையில் முட்டி, இலைக்கும் அவளுக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி விழும். மடியில் சோறு சிந்தும். மேசையின் கால்களுக்கு அடியில் நான்கு செ.மீ. மரக்கட்டைகளை வைத்து உயர்த்தினோம். கால்கள் நழுவாதிருக்கக் கட்டைகளில் குழி குடைந்திருந்தார் தச்சர்.

கேக் வெட்டும் நேரத்தில் எல்லாரும் மேசையைச் சூழ்ந்து நிற்பது வழக்கம். அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு அப்போது தெரிவது முதுகுகளின் சுவர் மட்டுமே. அன்று கேக்கும் அதே நீண்ட மேசையில், எல்லாரும் அமர்ந்த பிறகே வைக்கப்பட்டது. புகைப்படமும் அமர்ந்தபடியே எடுக்கப்பட்டது. தரையில் ஜமுக்காளம் விரிக்கவில்லை. அதன் மடிப்பில் சக்கரம் சிக்கும். ஒலிபெருக்கியின் மின்கம்பியைச் சுவரோரமாக ஒட்டினோம். மேலிருந்து தொங்கும் வண்ணத்தாள் போதும், தரையில் இறைக்கும் தாள்துண்டுகள் வேண்டாம் என்று முடிவு செய்தோம்; அவை முன்சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொள்ளும்.

இந்த அளவுகள் எல்லார்க்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. அன்று வந்திருந்த என் மாமியாருக்கு முழங்கால் மூட்டுவலி, கைத்தடியோடு நடப்பவர். தோழிக்கு நாற்காலி இல்லாத வெற்றிடம் வேண்டும். அவருக்கோ கைப்பிடியும் உறுதியும் உள்ள, சற்று உயரமான நாற்காலி வேண்டும். தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தால் அவரால் எழ முடியாது. சாய்பலகையும் அவருக்கு உதவவில்லை. சரிவில் பாதத்தை வளைத்து ஊன்றுவது வலித்ததால், பக்கத்துச் சுவரைப் பற்றிக்கொண்டு படியிலேயே ஏறினார். பலகையைப் படியின் முழு அகலத்துக்கும் இடாமல் ஒரு பக்கம் விட்டிருந்ததால் அது இயன்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒரே வகையைச் சேர்ந்த இருவரின் தேவைகள்கூட ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே, அளவுநாடாவை எடுப்பதற்கு முன்னரே கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

மாலை ஏழு மணிக்கு விருந்து முடிந்தது. தோழி மேசையின் நடுவிடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள்; பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். புறப்படும்போது சாய்பலகையின் மேல் முனையில் நாற்காலியைத் திருப்பி நிறுத்தினாள். இறங்கும்போது பின்புறமாக இறங்குவதே அவளுக்குப் பழக்கம். தாயார் கீழே நின்று பிடித்துக்கொண்டார். கால்வாய் மூடியின் மேல் இட்டிருந்த தகட்டுப் பலகையைக் கடந்து தெருவுக்குச் சென்றதும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“இந்தப் பலகைகளை எடுத்துவிடாதீர்கள், அம்மா. அடுத்த சனிக்கிழமை கணக்குப் போட வருகிறேன்” என்றாள்.